ரீஃபண்ட் கேட்டவர் வங்கிக்குப் போனால்: டிஜிட்டல் விற்பனையில் சார்ஜ்பேக் கணக்கு

வீடியோ பாடம், மின்னூல், எழுத்துரு, டெம்ப்ளேட், மென்பொருள் உரிமம் என்று எதை விற்றாலும், விற்பவருக்கு முதலில் வரும் பயம் ஒன்றுதான்: பொருளையும் இறக்கி வைத்துக்கொண்டு பணத்தையும் திரும்பக் கேட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்தில்தான் பலரும் 'பணம் திருப்பித் தரப்படாது' என்று விற்பனைப் பக்கத்தின் அடியில் ஒரு வரி போட்டுவிடுகிறார்கள். அந்த வரியைப் பார்த்துச் சிலர் கேட்காமல் போகலாம். ஆனால் கார்டில் பணம் கட்டியவருக்கு இன்னொரு கதவு எப்போதும் திறந்திருக்கிறது. தன் வங்கியைக் கூப்பிட்டு, "இந்தப் பணத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை" என்று அவர் சொல்லிவிடலாம். டிஜிட்டல் விற்பனையில் பெரிய நட்டம் பெரும்பாலும் அந்தக் கதவு வழியாகத்தான் வருகிறது.

இதைச் சார்ஜ்பேக் என்பார்கள். வாங்கியவர் புகார் சொன்னதும் அவருக்குக் கார்டு கொடுத்த வங்கி அதை விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பு வழியாக விற்பவரின் பேமென்ட் நிறுவனத்துக்கு அனுப்புகிறது. பேமென்ட் நிறுவனம் அந்தத் தொகையை விற்பவரின் கணக்கிலிருந்து பெரும்பாலும் உடனே எடுத்துவிடும். விசாரணையெல்லாம் அதற்கு அப்புறம்தான். விற்பவர் தன் பக்க ஆதாரத்தைக் கொடுக்க ஒன்று முதல் மூன்று வாரம் வரை நேரம் கிடைக்கும். முடிவு தெரிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். தீர்ப்புச் சொல்வது வாங்கியவரின் வங்கி என்பதை மறக்கக் கூடாது. தன் வாடிக்கையாளர் சொல்வதை நம்பித்தான் அது தொடங்கும். அந்த நம்பிக்கையை மாற்றும் அளவுக்கு ஆதாரம் இருந்தால்தான் பணம் திரும்பி வரும்.

புகார் செய்ய வாங்கியவருக்கு இருக்கும் கால அவகாசமும் நீளமானது. கார்டு வலையமைப்புகளில் பெரும்பாலான காரணங்களுக்கு 120 நாள், பேபாலில் 180 நாள். விற்பனைப் பக்கத்தில் 7 நாள் என்று எழுதினாலும் 14 நாள் என்று எழுதினாலும் இந்த அவகாசம் குறைவதில்லை.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். புகைப்படம் எடுப்பது பற்றிய 30 பாடங்கள் கொண்ட வீடியோ வகுப்பு, விலை 40 டாலர். வாங்கிய 14 நாளுக்குள், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பார்க்காமல் இருந்தால் பணம் திரும்பும் என்பது விதி. ஒருவர் மார்ச் 4 அன்று வாங்குகிறார், ஐந்து பாடம் பார்க்கிறார். தனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயங்களாகவே இருப்பதால் மார்ச் 12 அன்று பணத்தைத் திரும்பக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புகிறார். எட்டாவது நாள், ஐந்தே பாடம். விதிப்படி அவருக்குப் பணம் உண்டு. விற்பவருக்கு வேறு வேலை, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறார். ஒரு வாரம் கழித்து வாங்கியவர் மறுபடி எழுதுகிறார், அதற்கும் பதில் இல்லை. மார்ச் 30 அன்று அவர் வங்கிக்குப் போகிறார்.

பேமென்ட் நிறுவனம் ஒவ்வொரு விற்பனையிலும் 2.9 சதவீதமும் 30 சென்டும் எடுத்துக்கொள்கிறது, சார்ஜ்பேக் ஒன்றுக்கு 15 டாலர் கட்டணம் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நடைமுறையில் இருக்கும் கட்டணங்கள் இந்த அளவில்தான் இருக்கின்றன. மார்ச் 12 அன்றே பணத்தைத் திருப்பியிருந்தால் 40 டாலர் போயிருக்கும். விற்பனையின்போது பிடித்த 1.46 டாலரைப் பெரும்பாலான நிறுவனங்கள் திருப்பித் தருவதில்லை என்பதால் அதுவும் போயிருக்கும். டிஜிட்டல் பொருளில் இன்னொரு பிரதி எடுக்கச் செலவு கிடையாது. ஆகவே அந்த 40 டாலர் வராமல் போன வருமானம், கையை விட்டுப் போன காசு 1.46 டாலர் மட்டுமே. சார்ஜ்பேக்கில் தோற்றால் 40 டாலரோடு 15, அதோடு 1.46. கையை விட்டுப் போகும் காசு 16.46 டாலர், அதாவது பத்து மடங்குக்கும் மேல். எதிர்த்து வாதாடுவதற்கென்று தனிக் கட்டணம் வாங்கும் நிறுவனங்களும் உண்டு. ஆதாரம் திரட்ட உட்காரும் நேரத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை.

பணத்தைவிடக் கனமானது எண்ணிக்கை. மாதத்தில் இத்தனை விற்பனைக்கு இத்தனை சார்ஜ்பேக் என்ற விகிதத்தைப் பேமென்ட் நிறுவனமும் கார்டு வலையமைப்பும் கவனித்துக்கொண்டே இருக்கின்றன. மாதம் 200 விற்பனை செய்பவருக்கு இரண்டு சார்ஜ்பேக் வந்தாலே ஒரு சதவீதம். வழக்கில் ஜெயித்தாலும் பொதுவாக அந்தச் சார்ஜ்பேக் எண்ணிக்கையிலிருந்து நீங்குவதில்லை என்பது பலருக்கும் தெரியாத விஷயம். பணம் திரும்பி வரும், ஆனால் வழக்கு வந்தது வந்ததாகவே நிற்கும். அதனால் 'எல்லாவற்றையும் எதிர்த்து ஜெயித்துக்கொள்ளலாம்' என்ற தைரியம் விற்பவரைக் காப்பாற்றாது.

மாஸ்டர்கார்டு இந்த விகிதத்தைக் கணக்கிடும் விதம், புதுப் பொருளை அறிமுகம் செய்து விற்பவர்களுக்குக் கொஞ்சம் பாதகமானது. இந்த மாதம் வந்த சார்ஜ்பேக்கை அது போன மாத விற்பனை எண்ணிக்கையால் வகுக்கிறது. மார்ச் மாதம் புது வகுப்பு அறிமுகமாகி 1,000 பேர் வாங்குகிறார்கள், ஏப்ரலில் விற்பனை 100 ஆகக் குறைகிறது என்று பாருங்கள். மார்ச்சில் வாங்கியவர்களில் நாலு பேரின் புகார் மே மாதம் வந்து சேர்ந்தால், கணக்கு 1,000 பேருக்கு நாலு என்று வராது, 100 பேருக்கு நாலு என்று வரும். மாஸ்டர்கார்டின் அதிக சார்ஜ்பேக் பட்டியலில் சேர, மாதத்துக்கு 100 சார்ஜ்பேக்கும் 1.5 சதவீதமும் சேர்ந்தே தாண்ட வேண்டும். சிறு விற்பனையாளர் அங்கே போக மாட்டார். ஆனால் பேமென்ட் நிறுவனங்கள் தங்களுக்கென்று வைத்திருக்கும் வரம்பு அதைவிடக் கடுமையாக இருக்கலாம். முதலில் வருமானத்தில் ஒரு பகுதியை மாதக்கணக்கில் பிடித்து வைப்பார்கள், அடுத்தது கணக்கையே மூடுவார்கள். அதிகச் சார்ஜ்பேக் காரணமாகக் கணக்கு மூடப்பட்டால் மாஸ்டர்கார்டு நடத்தும் மேட்ச் என்ற பட்டியலில் பெயர் ஏறலாம். ஏறினால் ஐந்து ஆண்டு அங்கேயே இருக்கும், வேறொரு நிறுவனத்தில் கணக்குத் திறப்பது பெரும்பாடாகிவிடும். உண்மையில் போகும் நற்பெயர் அதுதான். ஒரு மோசமான விமர்சனத்தை நல்ல பதிலால் சரிசெய்யலாம், இதை அப்படிச் சரிசெய்ய முடியாது.

ஆகவே விற்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை, தன்னிடம் கேட்பது வங்கியிடம் கேட்பதைவிடச் சுலபமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது. ரசீது மின்னஞ்சலிலேயே 'பிரச்சினையா? இதற்கே பதில் எழுதுங்கள்' என்று இருக்க வேண்டும். பதில் எழுத முடியாத முகவரியிலிருந்து ரசீது அனுப்புவது, வாங்கியவரை நாமே வங்கிக்கு அனுப்பிவைப்பதுதான். பதில் ஒரு வேலை நாளுக்குள் போக வேண்டும். முழு முடிவு எடுக்க நேரம் வேண்டுமென்றாலும், 'கிடைத்தது, நாளைக்குள் சொல்கிறேன்' என்ற ஒரு வரி போனாலே பாதிப் பேர் பொறுத்திருப்பார்கள்.

பணத்தைத் திருப்புவதென்று முடிவானால் பதில் எப்படி இருக்கலாம் என்று பாருங்கள்:

"வணக்கம். உங்கள் 40 டாலரை இன்று திருப்பி அனுப்பிவிட்டேன். வங்கிக் கணக்கில் தெரிய 5 முதல் 10 வேலை நாள் ஆகலாம். அதற்குள் வராவிட்டால் எனக்கு எழுதுங்கள், வங்கியில் காட்டிக் கேட்பதற்கான குறிப்பு எண்ணை அனுப்புகிறேன். வகுப்பைப் பார்க்கும் வசதி இன்றோடு நிற்கிறது. எந்த இடத்தில் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்று ஒரு வரி எழுதினால் உதவியாக இருக்கும், எழுதாவிட்டாலும் பரவாயில்லை."

இதில் நாள் கணக்கைச் சொல்லும் வரிதான் முக்கியமானது. பணம் திருப்பிய பிறகும் சார்ஜ்பேக் வருவதுண்டு. மூன்று நாளாகியும் கணக்கில் வரவில்லையே என்று பொறுமை இழந்து வங்கியைக் கூப்பிட்டுவிடுவார்கள். குறிப்பு எண் என்பது ஒவ்வொரு ரீஃபண்டுக்கும் கார்டு வலையமைப்பில் உருவாகும் அடையாள எண். சில நாளில் பேமென்ட் நிறுவனத்தின் பக்கத்தில் தெரியும். அதைக் கொண்டு வங்கி பணம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடும். பணம் திருப்பும் முன் 'ஏன், எதற்கு' என்று கேள்விப் பட்டியல் அனுப்புவது வேண்டாம். கேள்வி பின்னால் வரட்டும், அப்போதுதான் உண்மையான பதிலும் கிடைக்கும்.

விதியைத் தாண்டிக் கேட்பவர்கள் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பதினெட்டாவது நாள் வந்து மரியாதையாகக் கேட்பவருக்கு, ஒருமுறை என்றால் கொடுத்துவிடுவது மேல் என்பதே என் கருத்து. மேலே போட்ட கணக்கே அதற்குக் காரணம். முழு வகுப்பையும் பார்த்து, கோப்புகளையெல்லாம் இறக்கிவிட்டுக் கேட்பவருக்கு மறுக்கலாம். ஆனால் மறுப்பில் தேதியும் விதியும் நடந்ததும் மட்டும் இருக்கட்டும், குற்றச்சாட்டு வேண்டாம். அந்த மின்னஞ்சல் நாளைக்கு ஆதாரமாக வங்கி அதிகாரி கையில் இருக்கும், பொதுவெளியிலும் வரலாம். பொதுவெளியில் ஒருவர் திட்டி எழுதினால், 'உங்கள் கோரிக்கையைப் பார்த்தேன், தனியாக எழுதியிருக்கிறேன்' என்று ஒரே பதில் போதும். அவர் எத்தனை பாடம் பார்த்தார் என்ற பதிவை அங்கே போட்டு வாதாடினால், படிப்பவர்கள் தங்கள் பதிவும் இப்படித்தான் வெளியே வருமோ என்றுதான் நினைப்பார்கள். விமர்சனத்தை நீக்கினால் பணம் தருகிறேன் என்ற பேரம் கூடவே கூடாது.

விதி எழுதுவதில் ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாளை மட்டும் வைத்தால் முழுக்கப் பயன்படுத்திவிட்டுத் திருப்புபவரைத் தடுக்க முடியாது. பயன்பாட்டை மட்டும் வைத்தால் ஆறு மாதம் கழித்து வருபவருக்கும் கொடுக்க வேண்டிவரும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்டீம் விளையாட்டுக் கடையில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பும் என்று வைத்திருப்பது இந்த மாதிரிதான். எழுத்துரு, டெம்ப்ளேட் போல ஒரே இறக்கத்தில் முழுவதும் கைக்குப் போய்விடும் பொருளுக்கு இப்படிப் பயன்பாட்டை அளக்க முடியாது. அங்கே முன்கூட்டியே மாதிரி கொடுப்பதுதான் பாதுகாப்பு. ஐரோப்பிய ஒன்றியத்து வாடிக்கையாளர் என்றால் சட்டப்படியே 14 நாள் விலகும் உரிமை உண்டு. டிஜிட்டல் பொருளை உடனே கொடுக்கச் சம்மதித்து, அதனால் அந்த உரிமை போகும் என்பதையும் அவர் தெளிவாக ஒப்புக்கொண்டால்தான் அது நீங்கும். அதற்கான தேர்வுப் பெட்டி பணம் கட்டும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வாங்கியவர் டிக் செய்த நேரத்தைச் சேமித்தும் வைக்க வேண்டும்.

சரி, இவ்வளவும் செய்த பிறகும் சார்ஜ்பேக் வந்துவிட்டது. முதலில் பார்க்க வேண்டியது காரணக் குறியீடு. ஒவ்வொரு சார்ஜ்பேக்கும் ஒரு குறியீட்டோடுதான் வரும். விசாவில் 10.4 என்றால் 'இந்தப் பணத்தை நான் கட்டவில்லை', 13.1 என்றால் 'பொருள் வந்து சேரவில்லை', 13.3 என்றால் 'சொன்னபடி இல்லை', 13.7 என்றால் 'ரத்து செய்தேன், பணம் வரவில்லை'. வங்கி கேட்பது அந்த ஒரு கேள்வியைத்தான். தோற்கும் பதில்களில் பெரும்பாலானவை கேட்காத கேள்விக்குப் பதில் சொல்பவை.

நம் உதாரணத்தில் வந்தது 13.7. விற்பவர் அவசரமாகத் தன் சர்வர் பதிவை எடுத்து அனுப்புகிறார்:

```
2025-03-04 10:12 UTC  payment   ok
2025-03-04 10:15 UTC  login     203.0.113.24
2025-03-04 10:16 UTC  lesson 1  watched
2025-03-06 18:40 UTC  lesson 5  watched
```

இதெல்லாம் உண்மைதான். வாங்கியவருக்குப் பொருள் கிடைத்தது, அவர் பார்த்தார் என்று இது நிரூபிக்கிறது. ஆனால் அதை அவர் மறுக்கவே இல்லையே. விதிக்குள் ரத்து செய்தும் பணம் வரவில்லை என்பதுதான் அவருடைய புகார். அவர் கையில் மார்ச் 12 மின்னஞ்சலும் பதில் இல்லாத இரண்டாவது மின்னஞ்சலும் இருக்கின்றன. ஐந்து பாடம்தான் பார்த்தார் என்று விற்பவரின் பதிவே அவருக்குச் சாட்சி சொல்கிறது. இந்த வழக்கை எதிர்க்காமல் ஒப்புக்கொள்வதே சரி. இதே பதிவு 13.1 வழக்கில் வந்திருந்தால் நல்ல ஆதாரம். பொருள் வரவில்லை என்றவர் வாங்கிய மூன்றாவது நிமிடத்தில் உள்ளே நுழைந்திருக்கிறார் என்று அது காட்டும்.

டிஜிட்டல் பொருளுக்கு மிகவும் தொல்லை தருவது 10.4. திருட்டுக் கார்டில் வாங்கியதும் இதில்தான் வரும், தானே வாங்கிவிட்டு மறந்தவரும் இதில்தான் வருவார். மறந்தவர்களில் பலர் பொய் சொல்வதில்லை. கார்டு அறிக்கையில் விற்பவரின் பதிவு செய்த நிறுவனப் பெயர் வந்திருக்கும், அவருக்குத் தெரிந்ததோ வகுப்பின் பெயர். பேமென்ட் கணக்கின் அமைப்புகளில் இந்தப் பெயரை மாற்றலாம். பொதுவாக 22 எழுத்துக்குள், வாங்கியவர் அடையாளம் காணும் பெயர் வர வேண்டும். மொத்த வேலையிலும் இதைவிட மலிவான தடுப்பு கிடையாது.

உண்மையிலேயே பழைய வாடிக்கையாளர் என்றால் 2023 ஏப்ரலில் விசா கொண்டுவந்த ஒரு விதி உதவும். அதே கார்டில் அவர் முன்பு செய்த இரண்டு வாங்கல்களைக் காட்ட வேண்டும். அவை இந்தப் புகாருக்கு 120 நாள் முதல் 365 நாள் வரை முந்தியவையாகவும் மோசடி என்று புகார் வராதவையாகவும் இருக்க வேண்டும். அந்த இரண்டிலும் இப்போதைய வாங்கலிலும் குறைந்தது இரண்டு விவரங்கள் ஒன்றாக இருக்க வேண்டும். கணக்கின் உள்நுழைவுப் பெயர், ஐபி முகவரி, சாதன அடையாளம் போன்றவற்றில் இரண்டு, அதில் ஒன்று ஐபியாகவோ சாதன அடையாளமாகவோ இருப்பது கட்டாயம். பொருந்தினால் பொறுப்பு வங்கியின் பக்கம் போய்விடும். மாதச் சந்தா விற்பவருக்கு இது பெரிய ஆயுதம். ஆனால் வாங்கிய அன்றே இந்த விவரங்களைச் சேமித்திருந்தால்தான் கிடைக்கும். கைப்பேசியில் ஐபி அடிக்கடி மாறும், அதனால் ஐபியை மட்டும் நம்பாமல் சாதன அடையாளத்தையும் சேமிக்க வேண்டும். ஒரே ஒருமுறை வாங்கியவர் விஷயத்தில் இந்த விதி பயன்படாது. அங்கே, பணம் கட்டும்போது வங்கி ஓடிபி கேட்கும் 3டி செக்யூர் சரிபார்ப்பு நடந்திருந்தால், மோசடிப் புகாரின் நட்டத்தைப் பெரும்பாலும் வங்கியே ஏற்கும்.

எதிர்ப்பது என்று முடிவெடுத்தால் சுருக்கமாக எழுதுங்கள். படிப்பவருக்கு உங்கள் தொழில் தெரியாது, அவர் முன்னால் இன்னும் நிறைய வழக்குகள் இருக்கும். முதல் பத்தியிலேயே குறியீட்டின் கேள்விக்கு நேர்ப்பதில், கீழே அதை நிரூபிக்கும் மூன்று நாலு படங்கள். வாங்கியவர் விதியை ஒப்புக்கொண்ட பக்கத்தின் படம், பயன்பாட்டுப் பதிவு, மின்னஞ்சல் உரையாடல் போதும். சுட்டி கொடுத்தால் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள், எல்லாவற்றையும் படமாகவே இணைக்க வேண்டும்.

நல்ல மனதோடு செய்து நட்டப்படும் இடம் ஒன்று உண்டு. சார்ஜ்பேக் வந்ததைப் பார்த்துப் பதறிப்போய், வாங்கியவருக்கு வேறு வழியில் பணத்தை அனுப்பிவிடுவார்கள். வங்கி எடுத்த பணம் ஏற்கெனவே அவருக்குப் போய்க்கொண்டிருக்கும், ஆக இரண்டு தடவை கொடுத்தாகிவிடும். சார்ஜ்பேக் வந்த பிறகு பணத்தைத் தர வேண்டுமென்றால், பேமென்ட் நிறுவனத்தின் பக்கத்தில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை அழுத்துவதே வழி. வாங்கியவர் சமாதானமாகி 'வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்' என்று எழுதினாலும் நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. வங்கி வாபஸ் பெற்றதாகக் கொடுத்த கடிதத்தை அவரிடம் கேட்டு வாங்கி, கெடுவுக்குள் ஆதாரமாகப் பதிவேற்ற வேண்டும். பதிவேற்றாமல் கெடு முடிந்தால் தோல்விதான்.

சில கார்டுகளில் சார்ஜ்பேக்குக்கு முன் விசாரணைக் கட்டம் ஒன்று வரும், அமெரிக்கன் எக்ஸ்பிரஸில் இதைப் பார்க்கலாம். அந்தக் கட்டத்தில் பணம் இன்னும் பிடிக்கப்பட்டிருக்காது. முழுத் தொகையையும் அப்போதே திருப்பிவிட்டால் பெரும்பாலும் சார்ஜ்பேக்காக மாறாமல் முடிந்துவிடும். அந்த அறிவிப்பைச் சாதாரண மின்னஞ்சல் என்று தள்ளிவைத்து வாய்ப்பை இழப்பவர்கள் நிறைய.

சந்தா என்றால், சார்ஜ்பேக் வந்த அன்றே அந்தச் சந்தாவை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் தானாகப் பணம் பிடிக்கும், அதற்கும் ஒரு சார்ஜ்பேக் வரும். அப்புறம் வந்த ஒவ்வொரு வழக்கின் குறியீட்டையும், ஜெயித்தாலும் தோற்றாலும், ஒரு தாளில் எழுதி வையுங்கள். 13.1 அடுத்தடுத்து வந்தால் பதிவிறக்கச் சுட்டி போகும் மின்னஞ்சல் ஸ்பேமில் விழுகிறதா என்று சோதிக்க வேண்டும். 13.3 வந்தால் விற்பனைப் பக்கத்தில் கொடுத்த வாக்கையும் பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 10.4 வருகிறது, பதிவுகளோ உண்மையான வாடிக்கையாளர்களுடையதாகவே இருக்கின்றன என்றால், கார்டு அறிக்கையில் வரும் பெயரை முதலில் மாற்றுங்கள்.